போட்டோவைப் பார்த்துப் பன்றிக்குட்டி தேர்வு செய்வது: முதுகு, கால், நீளம்

வெண்பன்றிக் குட்டி வாங்கும் பேரம் இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் தொடங்குகிறது. பண்ணைக்காரர் நாலு போட்டோ அனுப்புவார், "ஒரிஜினல் யார்க்‌ஷயர், அறுபது நாள், நல்ல நீளம்" என்பார், முன்பணம் கேட்பார். அந்த நாலு போட்டோவில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது, வேறு எந்தப் படம் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. போட்டோ பார்த்து வடிகட்டுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-இல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டது. குட்டி பார்க்கிறேன் என்று ஒரே நாளில் நாலு பண்ணை ஏறி இறங்கினால், செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் நோயைச் சுமந்து திரிகிறோம். வீட்டிலிருந்தே மூன்று பண்ணையைக் கழித்துவிட்டு, ஒரு பண்ணைக்கு மட்டும் நேரில் போவது நல்லது.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போட்டோவை வைத்து நல்ல குட்டியைக் கண்டுபிடிக்க முடியாது. வேண்டாத குட்டியைக் கழிக்க முடியும். அதற்கும் படம் சரியாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

எதற்கு வாங்குகிறீர்கள்?

கறிக்கு வளர்க்கும் குட்டி ஏழெட்டு மாதத்தில் 80 முதல் 100 கிலோவைத் தொட்டதும் விற்பனைக்குப் போய்விடும். அதன் கால்கள் அதுவரை தாங்கினால் போதும். தாய்ப்பன்றிக்கென்று எடுக்கும் பெட்டைக்குட்டி நாலைந்து ஈத்து வரை அதே கால்களில் நின்றாக வேண்டும். சினையில் அதன் எடை 150 கிலோவுக்கு மேல் போகும். பொலிக்கு எடுக்கும் ஆண் குட்டி, ஏறும்போது தன் எடை முழுவதையும் பின்னங்கால் இரண்டில் ஏற்றிக்கொண்டு நிற்க வேண்டியது. ஆகவே ஒரே குறை கறிக்குட்டியில் கண்டுகொள்ளாமல் விடக்கூடியதாக இருக்கும், பெட்டையில் யோசிக்க வைக்கும், பொலிக்குட்டியில் உடனே கழிக்க வைக்கும். கீழே சொல்பவை முக்கியமாகப் பெட்டைக்குட்டியை மனதில் வைத்தவை. கறிக்கு என்றால் எங்கே விட்டுக்கொடுக்கலாம் என்பதை அங்கங்கே சொல்கிறோம்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பால் மறந்த 50, 60 நாள் குட்டியில் உடல்வாகு இன்னும் முழுதாகத் தெரியாது. அந்த வயதில் கால் எலும்பு நிற்கும் நிலை, குளம்பின் அளவு, காம்பு எண்ணிக்கை, கூடப் பிறந்தவற்றோடு ஒப்பிட்ட நீளம் ஆகியவற்றை ஓரளவு நம்பலாம். முதுகுக்கோடு மட்டும் குட்டியின் மனநிலையைப் பொறுத்தே மாறும். இனப்பெருக்கத்துக்கு மட்டும் வாங்குகிறவர்கள் கூடுதல் விலை கொடுத்தாவது நாலைந்து மாத வயதுப் பெட்டையாக எடுப்பது நல்லது. 40, 50 கிலோ ஆனதும் கால் குறை ஒளிய முடியாது.

கேட்டு வாங்க வேண்டிய படங்கள்

விற்பவர்கள் வழக்கமாக அனுப்பும் படம், நின்றபடி போனை நீட்டி மேலிருந்து எடுத்தது. அதில் தலையும் முதுகும் பெரிதாகத் தெரியும், கால்கள் குச்சியாகி உடலுக்குக் கீழே மறைந்துவிடும். இன்னொரு வகை, பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் காட்டும் படம். காம்பு எண்ணவும், குடலிறக்கம் இருக்கிறதா என்று பார்க்கவும் அது உதவும். முதுகையும் காலையும் நீளத்தையும் அதில் பார்க்க முடியாது. வைக்கோலிலும் சேற்றிலும் நிற்கும் படத்தில் குளம்பு புதைந்திருக்கும். பன்றியில் பெரிய குறைகள் குளம்பிலும் அதன் மேல் கணுவிலும்தான் இருக்கின்றன என்பதால், அந்தப் படம் இருந்தும் இல்லாதது போலத்தான்.

பண்ணைக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: காய்ந்த, சொரசொரப்பான சிமெண்ட் தரையிலோ கெட்டியான மண் தரையிலோ குட்டியை நிறுத்த வேண்டும். ஈரமான வழவழப்புத் தரை வேண்டாம். வழுக்கும் பயத்தில் நல்ல குட்டியும் காலை அகட்டி முதுகைக் குறுக்கும். படம் எடுப்பவர் குந்தி உட்கார்ந்து, போனைக் குட்டியின் விலா உயரத்தில் பிடிக்க வேண்டும். இரண்டு மாதக் குட்டிக்கு அது தரையிலிருந்து ஒரு அடிக்கும் குறைவான உயரம்தான். தூரம் இரண்டு மீட்டருக்குக் குறையக்கூடாது. போன் கேமராவில் 0.5x வேண்டாம், 1x போதும். 0.5x-இல் படத்தின் ஓரத்தில் இருப்பதெல்லாம் இழுபட்டு நீளும்.

படங்கள் மூன்று: பக்கவாட்டில் ஒன்று, நேர் முன்னால் ஒன்று, நேர் பின்னால் ஒன்று. பக்கவாட்டுப் படத்தில் தலை உடலோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தீவனம் கேட்டுத் தலையைத் தூக்கினால் முதுகில் பள்ளம் விழும், தரையை முகர்ந்தால் முதுகு வளையும். இதோடு, குட்டி தானாக நடக்கும் பத்து விநாடி வீடியோ ஒன்று. மூன்று படத்தையும் விட அந்த வீடியோதான் அதிகம் சொல்லும். ஒன்றுதான் தருவேன் என்று பண்ணைக்காரர் அலுத்துக்கொண்டால் வீடியோவையே கேளுங்கள்.

ஒவ்வொரு குட்டியின் பக்கவாட்டிலும் மார்க்கரால் எண் போடச் சொல்ல மறக்காதீர்கள். பன்னிரண்டு வெள்ளைக் குட்டிகளில் நீங்கள் படத்தில் பார்த்தது எது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. காதில் வெட்டு அடையாளமோ டேகோ இருந்தால் இன்னும் நல்லது.

முதுகுக்கோடு

பக்கவாட்டுப் படத்தில் கழுத்து முடியும் இடத்திலிருந்து வாலடி வரை விரலால் கோடு இழுத்துப் பாருங்கள். யார்க்‌ஷயர் குட்டியில் அந்தக் கோடு மட்டமாகவோ மிக இலேசாக மேல் வளைந்தோ போய், இடுப்பைத் தாண்டியதும் மெதுவாகச் சரிந்து, வால் மேலேயே முளைத்திருக்க வேண்டும். லாண்ட்ரேஸில் முதுகு இன்னும் தட்டையாக இருக்கும். செம்பழுப்பு நிற டியூராக்கில் இயல்பாகவே வளைவு கூடுதல், அதைக் கூன் என்று கழிக்காதீர்கள். நாட்டுப்பன்றி கலந்த குட்டியில் பின்பக்கம் சரிவாகத்தான் இருக்கும். கலப்பு என்று சொல்லி விற்றால் அது குறையல்ல. சுத்த யார்க்‌ஷயர் என்று சொல்லி அதற்கான விலையும் கேட்டால் கேள்வி கேளுங்கள்.

கவனிக்க வேண்டிய கோளாறுகள் இரண்டு. முதலாவது தோளுக்குப் பின்னால் விழும் பள்ளம். தோள்பட்டை மேலே துருத்தி, அதன் பின்னால் கோடு இறங்கி, மறுபடி இடுப்பில் ஏறும். குட்டியில் இலேசாகத் தெரியும் பள்ளம், சினையில் வயிறு இழுக்க ஆரம்பித்ததும் ஆழமாகும். கறிக்குட்டியில் இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

இரண்டாவது கூன், அதாவது முதுகு வில்லாக வளைந்து வாலடி கீழே போய்விடும் நிலை. புதிதாக வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், இரண்டு வகையிலும். இப்போதுதான் பிடித்து நிறுத்திய குட்டி பயத்தில் முதுகைக் குறுக்கும். குளிரிலும் பசியிலும் குறுக்கும். வயிற்று வலி, கழிச்சல், மூச்சுக் கோளாறு இருந்தாலும் குறுக்கிக்கொண்டு நிற்கும். இந்தக் கூனுக்கும் எலும்பிலேயே உள்ள கூனுக்கும் ஒரே ஒரு படத்தில் வித்தியாசம் தெரியாது. வீடியோவில் தெரியும். பயந்த குட்டி நாலு அடி நடந்ததும், தீவனத் தொட்டியில் வாய் வைத்ததும் முதுகு நீண்டு மட்டமாகிவிடும். எலும்புக் கூன் நடந்தாலும் தின்றாலும் அப்படியே இருக்கும். நோயில் குறுக்கிய குட்டிக்கு முதுகு தவிர வேறு அடையாளமும் கிடைக்கும்: ரோமம் சிலிர்த்திருக்கும், வால் தொங்கும், கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்கும், வாலைச் சுற்றி அழுக்கு ஒட்டியிருக்கும். வால் சுருளாமல் தொங்குவது மட்டும் நோய்க்கு ஆதாரம் ஆகாது. மற்றவற்றோடு சேர்த்துப் பாருங்கள்.

எலும்புக் கூன் தனியாக வருவது அரிது. பின்பக்கம் செங்குத்தாகச் சரிந்த குட்டியில் பின்னங்கால்களும் மடிப்பில்லாமல் நேராக நிற்கும், அடியும் குறுகும். முதுகில் சந்தேகம் வந்தால் உடனே காலைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து கெட்டிருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

கால்கள்

முதலில் பக்கவாட்டுப் படம். பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்தி மடங்கும் மூட்டைப் பின்முட்டி என்று வைத்துக்கொள்வோம். வாலுக்குக் கீழே பின்புறம் முடியும் கடைசி முனையிலிருந்து தரைக்கு ஒரு தூக்குக்குண்டு விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். போனில் படத்தைத் திறந்து, திரையின் மேல் ஒரு ஸ்கேலைச் செங்குத்தாக வைத்தாலே போதும். அந்தக் கோடு பின்முட்டியின் பின்பக்கத்தைத் தொட்டு, கீழ்க்காலை ஒட்டியே இறங்க வேண்டும். பின்முட்டியும் பாதமும் கோட்டுக்கு வெகுவாக முன்னால் போய் வயிற்றுக்கு அடியில் நுழைந்திருந்தால் அது அரிவாள் கால். அதைவிட மோசமானது எதிர்ப்பக்கத்துக் குறை: மேலிருந்து கீழ் வரை மடிப்பே இல்லாமல் தூண் மாதிரி நிற்கும் கால்.

பார்ப்பதற்கு நேரான கால்தான் கம்பீரமாக இருக்கும். பலர் அதைப் பார்த்தே எடுக்கிறார்கள். ஆனால் பன்றி ஒவ்வொரு அடி வைக்கும்போதும் மூட்டு மடிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். மடிப்பு இல்லாத காலில் அந்த அதிர்ச்சி மூட்டின் குருத்தெலும்பில் நேராக இடிக்கும். வேகமாக எடை ஏறும் பன்றியில் குருத்தெலும்பு ஏற்கெனவே பலவீனம். ஐந்தாறு மாதத்தில் சிமெண்ட் தரையில் நொண்ட ஆரம்பிக்கும். பெட்டை என்றால் குட்டி போட்ட பிறகு மெதுவாக மடங்கிப் படுக்க முடியாமல் தொப்பென்று விழும், குட்டிகள் நசுங்கும். ஆண் என்றால் ஏறி நிற்கவே சிரமப்படும்.

அடுத்து குளம்புக்கு மேலுள்ள கணு. இது கொஞ்சம் முன்னோக்கிச் சாய்ந்து ஸ்பிரிங் போல இருக்க வேண்டும். செங்குத்தாக நின்று குட்டி குளம்பு நுனியில் நிற்பது போலிருந்தால், முன்னங்கால் முட்டியும் முன்னால் தள்ளி வளைந்திருக்கும். இரண்டும் ஒரே கோளாறின் இரு முகங்கள். கணு மிகவும் சாய்ந்து, பின்னால் தொங்கும் இரண்டு சிறு குளம்புகள் தரையைத் தொட்டால் அது எதிர்ப்பக்கத்துக் குறை. எடை கூடக் கூட இன்னும் இறங்கும். இரண்டில் ஒன்றை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்றால், சற்றே கூடுதலாகச் சாய்ந்த கணுவை எடுங்கள், விறைத்த கணுவை விடுங்கள்.

பின்னாலிருந்து எடுத்த படத்தில் இரண்டு பின்முட்டிகளும் பாதங்களும் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். பின்முட்டிகள் ஒன்றையொன்று நெருங்கி, பாதங்கள் வெளியே பார்த்தால் மாட்டுக்கால். இலேசாக இருந்தால் ஏற்கலாம். முட்டிகள் விலகி, பாதங்கள் உள்ளே திரும்பியிருப்பது இன்னும் கெட்டது, எடை முழுவதும் வெளிக்குளம்பில் விழும். முன்னாலிருந்து பார்க்கும்போது பாதம் கொஞ்சம் வெளியே திரும்பியிருப்பது சாதாரணம். முட்டிகள் உரசுவது சாதாரணமல்ல.

பிறகு படத்தைப் பெரிதாக்கிக் குளம்பைப் பாருங்கள். ஒரு பாதத்தில் இரண்டு விரல்கள். பின்னங்காலில் வெளிவிரல் சற்றுப் பெரிதாக இருப்பது இயல்பு. உள்விரல் பாதியாகச் சிறுத்து, கிட்டத்தட்ட ஒற்றை விரலில் நிற்பது போலிருந்தால் பெட்டைக்கு வேண்டாம். பெரிய விரல் மட்டுமே எடையைத் தாங்கி, குளம்புச் சுவர் வெடிக்கும், உள்ளே சீழ் பிடிக்கும். இந்தக் குறை குட்டி வளர வளரக் கூடுமே தவிரக் குறையாது. கண்ணுக்குச் சிறியதாகத் தெரிவதால் யாரும் பார்ப்பதில்லை. எங்கள் கணக்கில், இலேசான முதுகுப் பள்ளத்தை விட இது பெரிய குறை.

முட்டியில் தோல் உரிந்த புண், ஒரு மூட்டு மட்டும் உருண்டையாக வீங்கியிருப்பது ஆகியவை பிறவிக் குறை அல்ல. சொரசொரப்புத் தரையில் மண்டியிட்டுப் பால் குடித்த குட்டிகளுக்கு முட்டி உரியும், அந்தப் புண் வழியாகவோ தொப்புள் வழியாகவோ கிருமி ஏறி மூட்டு வீங்கும். உரிந்தது மட்டும் ஆறிவிடும். வீங்கிய மூட்டுள்ள குட்டியைக் கறிக்கும் வாங்க வேண்டாம், தின்றதெல்லாம் வீண்.

நடை வீடியோவில் ஒன்றைத்தான் முதலில் பாருங்கள்: முன்பாதம் எடுத்த இடத்திலோ அதற்கு அருகிலோ பின்பாதம் விழுகிறதா? விழுந்தால் தோளும் இடுப்பும் தடையில்லாமல் இயங்குகின்றன. வெகுதூரம் பின்னாலேயே விழுந்து, குட்டி குட்டி அடியாக எடுத்து வைத்தால் எங்கோ விறைப்பு இருக்கிறது. சில குட்டிகள் பின்னங்காலை அணிவகுப்பில் வருவது போல் உயர்த்தி உயர்த்தி வைக்கும். அது பான்டோதெனிக் அமிலம் என்ற பி வகை வைட்டமின் குறைவின் அடையாளம், மக்காச்சோளத்தையே நம்பி வைட்டமின் கலவை சேர்க்காமல் வளர்த்த இடத்தில் வரும். அந்தக் குட்டியின் வம்சத்தில் குறை இல்லாமல் இருக்கலாம், வளர்ப்பில் குறை இருக்கிறது. அங்கே மற்றக் குட்டிகளையும் கூர்ந்து பாருங்கள்.

நீளம்

முதுகும் காலும் படத்தில் ஒளியலாம். நீளமோ பொய்யே சொல்லும். நீளத்துக்கு இத்தனை மதிப்பு எதனால் என்றால், நீண்ட உடலில் இடுப்புக் கறி கூடுதலாக நிற்கும், பெட்டையில் காம்புகள் இடைவெளி விட்டு அமையும். பன்றிகளில் விலா எலும்பின் எண்ணிக்கையே குட்டிக்குக் குட்டி மாறக்கூடியது. ஆகவே நீளம் பெரும்பாலும் பிறவியிலேயே வருவது, தீவனத்தால் வரவைக்க முடியாது.

அளக்க வேண்டியது காதடியிலிருந்து வாலடி வரை. மூக்கு நுனியிலிருந்து அல்ல, மூக்கு நீண்ட குட்டியை உடல் நீண்ட குட்டி என்று நினைத்து ஏமாறுவோம். படத்தில் ஏதாவது அளவு தெரிந்த பொருள் இருந்தால் கணக்கிடலாம். நம் ஊர்க் கொட்டகைகளில் அது சுவரிலேயே இருக்கிறது. ஹாலோ பிளாக்கின் முகம் 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம். படத்தில் அந்தக் கல் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு நீளமாகத் தெரிகிறதா என்று முதலில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இரண்டரை மடங்கு தெரிந்தால் படம் பக்கவாட்டில் இழுக்கப்பட்டிருக்கிறது, பன்றியும் அந்த அளவுக்கு நீண்டிருக்கும். ஒன்றரை மடங்குதான் தெரிந்தால் கேமரா கோணலாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது.

விகிதம் சரியாக இருந்தாலும் சுவர்க் கல்லை அப்படியே அளவுகோலாக எடுக்கக்கூடாது. கல் பின்னால் இருக்கிறது, பன்றி முன்னால் நிற்கிறது. கேமராவுக்கும் பன்றிக்கும் ஒன்றரை மீட்டர், பன்றிக்கும் சுவருக்கும் அரை மீட்டர் என்றால், படத்தில் பன்றி உண்மையை விட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக நீளும். அதனால்தான் ஒரு செங்கல்லைப் பன்றியின் பாதத்தை ஒட்டி, உடலுக்கு இணையாகத் தரையில் வைத்துப் படம் எடுக்கச் சொல்ல வேண்டும். சாதாரணச் செங்கல் சுமார் 9 அங்குலம். இரண்டும் ஒரே தூரத்தில் இருப்பதால் கணக்கு ஓரளவு சரியாக வரும்.

செங்கல் இல்லாத படத்தில் செய்யக்கூடியது ஒப்பீடு மட்டும்தான். ஒரே ஈத்துக் குட்டிகளை ஒரே இடத்தில் எடுத்த படங்களில், காதடி முதல் வாலடி வரையுள்ள நீளத்தை நெஞ்சின் ஆழத்தால் வகுத்துப் பாருங்கள். எண் பெரிதாக வருகிற குட்டி உடல்வாகில் நீண்டது. நெஞ்சு ஒடுங்கியதாலும் எண் பெரிதாகலாம். ஆகவே முன்பக்கப் படத்தில் இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவே போதிய அகலம் இருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள். அகலமில்லாத நீளம் பயன்படாது.

வளர்ச்சி நின்ற குட்டியை வயது குறைத்துச் சொல்லி விற்பதும் நடக்கும். மூன்று மாதக் குட்டியை "அறுபது நாள்" என்பார்கள். உடலோடு ஒப்பிட்டால் தலை பெரிதாக, மூக்கு நீண்டு, ரோமம் நீளமாகவும் சொரசொரப்பாகவும், வயிறு மட்டும் உப்பித் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். மொத்த ஈத்தும் தாயோடு நிற்கும் படம் ஒன்று கேட்டால் அங்கேயே தெரிந்துவிடும்.

மூன்று குட்டியை வைத்து ஒரு கணக்கு

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். 65 நாள் யார்க்‌ஷயர் பெட்டைகள் மூன்று, எண் 1, 2, 3. வாங்குபவருக்குத் தாய்ப்பன்றிக்கு இரண்டு வேண்டும்.

முதலில் வந்த பக்கவாட்டுப் படத்தில் 1-ஆம் எண் குட்டி அசத்துகிறது. காதடியிலிருந்து வாலடி வரை சுவரில் ஒன்றேமுக்கால் ஹாலோ பிளாக் நீளம், அதாவது 28 அங்குலம். அந்த வயதுக் குட்டிக்கு இது நம்பக்கூடிய அளவே அல்ல. சுவர் அரை மீட்டர் பின்னால் இருக்கிறது, கேமரா ஒன்றரை மீட்டரில் இருந்திருக்கிறது. 28-ஐ 1.5-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் 21 அங்குலம். செங்கல் வைத்து மறுபடி எடுத்த படத்தில் இரண்டேகால் செங்கலுக்குச் சற்று மேல் வருகிறது, அதுவும் 21 அங்குலம்தான், 53 சென்டிமீட்டர். எடை சொல்ல வேண்டுமானால், பண்ணைக்காரரை டேப்பால் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளக்கச் சொல்லலாம். 54 சென்டிமீட்டர் என்கிறார். மீட்டரில் சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 69.3-ஆல் பெருக்கினால் கிலோ. சின்னப் பன்றிகளுக்கு இதில் 3 கிலோ கூட்டுவது வழக்கம்.

```
0.54 × 0.54 × 0.53 × 69.3 = 10.7
10.7 + 3 = சுமார் 13.7 கிலோ
```

நீளமும் எடையும் குறை சொல்ல முடியாதவை. ஆனால் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கினால் இரண்டு பின்பாதங்களிலும் உள்விரல் பாதி அளவுதான். பக்கவாட்டில் பின்னங்கால் தூணாக நிற்கிறது. தாய்ப்பன்றிக்கு வேண்டாம். கறிக்கு வளர்த்தால் நன்றாக எடை போடும்.

2-ஆம் எண் முதல் படத்தில் கூன் போட்டு நிற்கிறது, பார்த்ததும் கழிக்கத் தோன்றும். வீடியோவில் தொட்டியை நோக்கி ஓடும்போது முதுகு மட்டமாகிறது, தின்னும்போதும் மட்டமாகவே இருக்கிறது. பின்பாதம் முன்பாதம் எடுத்த இடத்தில் விழுகிறது. கணுவில் சாய்வு, குளம்பு விரல்கள் கிட்டத்தட்ட சமம். செங்கல் கணக்கில் 20 அங்குலம், முதல் குட்டியை விட ஒரு அங்குலம் குறைவு. அந்த ஒரு அங்குலத்துக்காக நல்ல காலை விட வேண்டியதில்லை. தலைகீழ்ப் படத்தில் காம்பு பக்கத்துக்கு ஏழு, எதுவும் உள்ளிழுத்திருக்கவில்லை. இதை எடுக்கலாம். காம்பு மொத்தம் பன்னிரண்டுக்குக் குறைவாக இருந்தாலோ குருட்டுக் காம்பு இருந்தாலோ காலும் முதுகும் நன்றாக இருந்தும் தாய்ப்பன்றிக்கு ஆகாது.

3-ஆம் எண்தான் மூன்றிலும் அழகு. உருண்டையான தொடை, பளபளக்கும் தோல், கொழுகொழுவென்று கூடுதல் எடை. ஆனால் நாலு படத்திலும், வீடியோவிலும் முதுகு வில்லாகவே இருக்கிறது. வால் கீழே இறங்கி முளைத்திருக்கிறது, அடி குறுகல். கிலோ கணக்கில் விலை என்றால் கறிக்கு எடுக்கலாம், இனப்பெருக்கக் குட்டி என்று கூடுதல் விலை கேட்டால் வேண்டாம்.

ஆக, இரண்டு கேட்டவருக்கு இந்த ஈத்தில் ஒன்றுதான் தேறுகிறது. இரண்டாவதை வேறு தாயின் குட்டிகளில் தேட வேண்டும், 1-ஐயோ 3-ஐயோ வைத்து எண்ணிக்கையை நிரப்பக்கூடாது. 2-க்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் தாயின் பின்பக்கப் படத்தையும் நடையையும் கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று ஈத்துப் போட்டும் கால் கெடாமல் நிற்கும் தாய் என்றால் நல்ல சாட்சி. பொலிக்கு ஆண் குட்டியும் வேண்டுமானால் அதை வேறு பண்ணையில் வாங்குங்கள். கூடப் பிறந்ததையே சேர்த்து விட்டால் அடுத்த தலைமுறையில் குட்டிகள் எண்ணிக்கையிலும் வளர்ச்சியிலும் சரியும்.

முன்பணம் கொடுக்கும் முன்

பேசியதை எழுத்தில் அனுப்பி, பண்ணைக்காரரிடம் "சரி" வாங்குங்கள்: எண், வயது, காம்பு எண்ணிக்கை, குடலிறக்கம் இல்லை, மூட்டு வீக்கம் இல்லை, பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போட்ட தேதி. இந்தத் தடுப்பூசி பழைய பன்றிக் காய்ச்சலுக்கானது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு அது காப்பு அல்ல, இரண்டையும் ஒன்றென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குட்டியைச் சரிபார்க்கும் இடம் உங்கள் கொட்டகை அல்ல, அவருடைய வாசல். வண்டியில் ஏற்றும் முன் காய்ந்த தரையில் நாலு அடி நடக்கவிட்டு, எண்ணைப் படத்தோடு ஒப்பிட்டு, குளம்பைக் கையால் தடவிப் பாருங்கள். உங்கள் பண்ணைக்குள் இறங்கிய குட்டியை எந்த நல்ல பண்ணைக்காரரும் திரும்ப எடுக்க மாட்டார், நோய்ப் பயம் அவருக்கும் உண்டு. பயணத்தில் வந்த குட்டி முதல் நாள் முழுதும் குறுக்கிக்கொண்டு நிற்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். தண்ணீர் வைத்து, மற்றப் பன்றிகளிடமிருந்து தள்ளித் தனியிடத்தில் 30 நாள் விடுங்கள். தனியிடத்துக்கென்று வேறு செருப்பு, வேறு வாளி. மறுநாளும் முதுகு நிமிரவில்லை, தின்னவில்லை என்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.